இரண்டு தட்டு இடைவெளி

திண்டிவனத்தில் பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் விளம்பரப் பாட்டு எழுதித் தரக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஜவுளிக்கடைக்கு எழுதுவேன், செருப்புக்கடைக்கு எழுதுவேன். இதற்கு என்னத்தை எழுதுவது?

"வேன்ல ஸ்பீக்கரு கட்டிக்கினு ஊரு சுத்தணும் மேடம். பத்து செகண்டு, திரும்பத் திரும்ப ஓடும். பேரு, நம்பரு வேன்லயே இருக்கு. 'வாங்க'ன்னு மட்டும் போட்டுடாதீங்க. எங்க தொழிலுக்கு ஆகாது."

விழுப்புரத்தில் இருக்கும் ஸ்டுடியோக்காரர் மெட்டு அனுப்பினார். பத்து நொடிக்குப் பதினாறு தட்டு. தொடையில் தாளம் போட்டு, வாய்விட்டுப் பாடி எழுதினேன்.

ராத்திரியா பகலா
ஒரு போனு போதும்
உங்க வாசல் தேடி
வருவோம்...

வரிக்கு நாலு தட்டு. கடைசி வரி இரண்டிலேயே முடிந்துவிடும். மீதி இரண்டைக் காலியாக விட்டேன். இல்லாவிட்டால் திரும்ப ஓடும்போது முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளறையில் அம்மா ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தாள். நுரையீரல் போய்விட்டது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் நம்பவில்லை.

மூன்றாம் முறை பாடி "வருவோம்" என்று நிறுத்தினேன். உள்ளேயிருந்து சரியாக அந்தக் காலித் தட்டில் அம்மாவின் குரல் வந்தது.

"வாங்க."

மறுபடி பாடினேன். மறுபடியும் "வாங்க." ஒரு வாக்கியம் பேச நாலு முறை மூச்சு வாங்குகிறவள், தாளம் பிசகாமல் சொன்னாள்.

"யாரம்மா கூப்புடற?" என்று கத்தினேன்.

"வூட்டுக்கு வர்றவங்கள... வேற எப்படி... கூப்புடறது?"

எரிச்சலும் பயமுமாக அந்த இடத்தில் 'திண்டிவனம்' என்று போட்டு அடைத்தேன். அதற்கும் இரண்டே தட்டு. ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வேன் எங்கள் தெருவுக்கே வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினாள். வாயைத் திறந்தாள். ஊர்ப்பேர் முந்திக்கொண்டது. அடுத்த சுற்றிலும் திறந்தாள். அப்போதும் இடம் கிடைக்கவில்லை. விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. வேன் தெருவைத் தாண்டிப் போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகும் நிற்கவில்லை.

"மூச்சு உட... எடமே... இல்லியேம்மா" என்றாள்.

வாசலுக்கு வந்தவர்களை உள்ளே விடாமல் நான் கதவைச் சாத்திவிட்டதுபோல் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் எனக்குத்தான் என்று அப்போது புரிந்தது. உட்கார்ந்து அழுதேன்.

பிறகு ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன்.

"ஊரு பேரை எடுத்துடுங்க. கடைசி ரெண்டு தட்டு சும்மா இருக்கட்டும்."

"நல்லாத்தான மேடம் இருக்குது? அங்க என்ன வரப்போவுது?"

"அது எங்க அம்மா பாடற எடம்" என்றேன்.