அடிவரை வழிந்த கிளேஸ்

சூளையின் வெப்பமானி முள் எண்பது டிகிரிக்கு இறங்கியதும், வாலு அண்ணிக்குப் பின்னால் போய் நின்றாள்.

எதையாவது உடைத்தால் ஒளித்துவைப்பது அவளுக்குச் சிறுவயது வழக்கம். கண்ணாடி உடைந்தால் துண்டுகள் தலையணைக்கடியில் இருக்கும். தன் மட்பாண்டப் பட்டறையில் படமெடுக்கும் வேலைக்கு அண்ணி அவளைச் சேர்த்தபோது அண்ணன் தன் மனைவியிடம், "உன் சாமானுக்கு நான் பொறுப்பில்லை" என்று சிரித்தான்.

போன மாதம், ஒரு தேநீர்க் கடைக்காக அண்ணி கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு பூசிச் செய்த மாதிரிக் கோப்பை வாலுவின் கைநழுவிச் சுக்குநூறானது. அதன் படம் அன்றே கடைக்காரம்மாவுக்குப் போயாக வேண்டும். வாலு துண்டுகளைக் களிமண் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கணினியில் படம் உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாள்: "கிளேஸ் பூசிய பீங்கான் கோப்பை. விளிம்பிலிருந்து அடிவரை சொட்டுச் சொட்டாக வழிந்த கிளேஸ். கையால் செய்த சிறு கோணல். பக்கத்திலிருந்து மெல்லிய வெளிச்சம்." வந்த படம் அச்சு அசல் புகைப்படம்போல இருந்தது. மாதிரியைக் கடையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டாள்.

கடைக்காரம்மாவுக்குப் படம் பிடித்துப்போனது. "இதே வழிசல், நாற்பது கோப்பை" என்றாள். முதலில் ஆறு செய்து பார்க்க, அண்ணி படத்தை எதிரில் ஒட்டிவைத்து, வழக்கமாக ஒருமுறை கிளேஸில் முக்கும் கோப்பையை மூன்றுமுறை முக்கினாள்.

இப்போது அண்ணி சூளையின் மூடியைத் தூக்கினாள். ஒரு கோப்பையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கிளேஸ் அடிவரை ஓடி, சூளைத்தட்டோடு உருகி ஒட்டியிருந்தது. உளியால் தட்டினாள். அடி பெயர்ந்து தட்டிலேயே தங்கியது. ஆறும் அப்படியே.

"வயசாயிடுச்சுடி வாலு" என்றாள் அண்ணி, உளியைக் கீழே வைத்து. "அன்னைக்கு மாதிரிக் கோப்பைக்கு எப்படித்தான் ஒட்டாம அடிவரைக்கும் விட்டேனோ. கை மறந்துபோச்சு."

திட்டியிருந்தால் வாலு வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"அண்ணி, நீங்க அப்படி விடவே இல்ல. அந்தக் கோப்பை உடைஞ்சுபோச்சு. படம் நான் கணினியில செஞ்சது."

அண்ணி கையை நீட்டினாள். "என்ன கேட்டே அதுகிட்ட? காட்டு."

வாலு தான் கேட்ட வரிகளைக் கைபேசியில் திறந்து கொடுத்தாள். அண்ணி மெதுவாகப் படித்து, ஓரிடத்தில் நின்றாள்.

"அடிவரையா? அடிக்கு ஒரு விரல் மேல கிளேஸ் நிக்கணும்டி. இல்லாட்டி ஒட்டிக்கும். இவ்வளவு நாளா இங்க என்னத்த பார்த்தே?"

"மன்னிச்சிருங்க அண்ணி."

"என்கிட்ட சொல்லிட்டே. இனி கடைக்காரம்மாகிட்ட சொல்லு."

"நீங்க பேசக்கூடாதா?"

"படம் யாரோடது?"

அண்ணி அலமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய கோப்பை ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். வழிசல் பாதியிலேயே நின்றிருந்தது. பக்கத்து வெளிச்சம் அதன் கோணலில் மெல்ல விழுந்தது. "இதை நிஜமா எடு. பேசி முடிச்சதும் அனுப்பு. வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்."

வாலு எடுத்தாள். முதல் படம் மங்கலாகிவிட்டது. இரண்டாவது பரவாயில்லை. எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

"சொல்லும்மா, கோப்பை ரெடியா?" என்றது மறுமுனை.

"இல்லீங்க" என்றாள் வாலு. "நான் அனுப்பின படம் பொய்."