பட்டன் அக்காவின் மூன்றாவது பட்டன்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டன் அக்கா என்றால் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் விற்கிற கம்பெனி, ஐந்து கிளைகள். பில் போடும் வேலையில் சேர்ந்து, நாற்பது வயதுக்கு மேல் சார்ட் போடும் மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டு, தலைமை அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தவர். வீட்டில் சமைத்துக்கொண்டே போனில் பாடம் பார்த்தாராம். எனக்கோ கம்பெனி காசு கட்டிப் படிக்க அனுப்பியும் பாதிதான் மண்டையில் ஏறியது.

அந்தப் பேர் வந்த கதை இதுதான். முன்பெல்லாம் விற்பனைக்கு ஒரு சார்ட், லாபத்துக்கு ஒன்று, ஆர்டர் எண்ணிக்கைக்கு ஒன்று என்று மூன்று போய்க்கொண்டிருந்தன. கிளைப் பொறுப்பாளர்கள் தங்களுக்குச் சாதகமான ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அக்கா மூன்றையும் ஒன்றாக்கினார். சார்ட்டுக்குப் பக்கத்தில் மூன்று வட்டப் பட்டன்கள். எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ப ஐந்து கிளைகளின் பட்டைகளும் ஏறி இறங்கும், தலைப்பும் கூடவே மாறும். ஒருவர் மாற்றினால் அவர் திரையில் மட்டும்தான் மாறும், அடுத்தவருக்குத் தொந்தரவில்லை.

"பட்டனுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. அதுக்குள்ள இருக்கறது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பின்னாடி இருக்கற ஃபார்முலா அந்த வார்த்தையைப் படிச்சு, விற்பனையைக் கூட்டணுமா, லாபத்தைக் கூட்டணுமா, ஆர்டரை எண்ணணுமான்னு முடிவு பண்ணுது" என்பார். ஃபார்முலா தப்பாக இருந்தால் பட்டன் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

இப்போது அந்த விற்பனை மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தாலே வயிறு எரிகிறது. ஐந்தாவது கிளையை மூடிவிட்டு அதன் வாடிக்கையாளர்களைத் தன் மைத்துனர் பார்க்கும் நாலாவது கிளைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு வருடமாகக் காய் நகர்த்திக்கொண்டிருந்தார். ஐந்தாவது கிளை சின்னக் கடை. பெரிய மோட்டார் விற்காது. வாஷர், சீல், பேரிங் என்று சில்லறைச் சாமான்கள்தான். ஆகவே விற்பனைப் பட்டனைத் தொட்டால் கடைசி இடம். லாபத்தைத் தொட்டால் இரண்டாம் இடம். ஏனென்றால் சில்லறைச் சாமானில்தான் மிச்சம் அதிகம். அந்தக் கடைக் கவுண்ட்டரில் பத்தொன்பது வருடமாக நிற்பவர் அக்காவின் கணவர். ஐம்பத்திரண்டு வயது. அங்கே கதவு சாத்தினால் வேறெங்கே போய் நிற்பார்?

கிளைகளைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தன்று காலையில் மேலாளர் வந்து, பட்டன்களை எடுத்துவிடச் சொன்னார். முதலாளியம்மாவுக்குக் குழப்பமாக இருக்குமாம். விற்பனை மட்டும் போதுமாம். தலைப்பிலும் 'கிளைகளின் நிலை' என்று பொதுவாகப் போடச் சொன்னார். கேட்க எவ்வளவு யோக்கியமாக இருக்கிறது பாருங்கள்! பட்டனை மறைத்தால் உள்ளே கடைசியாகத் தேர்ந்திருந்த வார்த்தை அப்படியே நின்றுவிடும். பார்க்கிறவருக்கு இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது.

அக்கா அப்படியே மறைத்துக் கொடுத்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. முதுகெலும்பே இல்லையா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். சொந்தப் புருஷன் வயிற்றில் அடிக்கிறவனுக்கு சார்ட் போட்டுத் தருகிறாயே என்றும் கேட்டேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வீரமாகப் பேசியவன் நான், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்ட அறையில் ஆறு பேர். அக்காதான் மடிக்கணினியை இயக்கினார், நான் கேபிளுக்குக் காவல். பெரிய திரையில் ஐந்தாவது பட்டை குட்டையாக நின்றது. மேலாளர் இழுத்து மூடுவதுதான் நல்லது என்று முடித்தார். முதலாளியம்மா லாபம் எப்படி என்று கேட்டார். லாபமும் இதே மாதிரிதான் என்றார் அந்த மனிதர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அக்கா சுட்டெலியை இரண்டு தட்டுத் தட்டினார். மறைந்திருந்த மூன்று பட்டன்களும் திரையில் வந்து உட்கார்ந்தன. லாபத்தைத் தொட்டார். ஐந்தாவது பட்டை விறுவிறுவென்று ஏறி இரண்டாம் இடத்தில் நின்றது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

முதலாளியம்மா மூன்றாவதையும் பார்க்க வேண்டும் என்றார். ஆர்டர் எண்ணிக்கை. ஐந்தாவது கிளை முதலிடம், 9,240.

"மூணு பேர் நிக்கற கவுண்ட்டர்ல மாசத்துக்கு ஒன்பதாயிரம் ஆர்டரா?" என்றார் அம்மா.

அக்கா ஃபார்முலாவைத் திறந்தார். அந்த மூன்றாவது வரி நான் எழுதியது. முதல் இரண்டு பட்டன்களை முடித்துவிட்டு அக்கா இரண்டு நாள் விடுப்பில் போனபோது, நானும் பெரிய ஆள் என்று காட்ட, பட்டன் பட்டியலில் மூன்றாவது வார்த்தையைச் சேர்த்து வரியையும் எழுதினேன். எங்கள் தரவில் ஓர் ஆர்டரில் எத்தனை சாமானோ அத்தனை வரிசை இருக்கும், அத்தனையிலும் அதே ஆர்டர் எண். ஒரே எண்ணை ஒருமுறை மட்டும் எண்ணும்படி எழுதியிருக்க வேண்டும். நான் வரிசைகளை எண்ணிவிட்டேன். சில்லறைச் சாமான் விற்கும் கிளைக்குத்தான் அது அதிகமாக ஊதும். சரிபார்த்துவிட்டேன் என்று அக்காவிடம் சத்தியமும் செய்திருந்தேன்.

அக்கா அங்கேயே திருத்தினார். எல்லாப் பட்டைகளும் சுருங்கின. ஐந்தாவது கிளை 3,080. அப்போதும் இரண்டாம் இடம்! ஆனால் அதை யார் பார்த்தார்கள்?

"பாத்தீங்களா மேடம், ஒரே நிமிஷத்துல ஆறாயிரம் ஆர்டர் காணாமப் போச்சு" என்றார் மேலாளர். "அந்தக் கடையில இவங்க வீட்டுக்காரர்தான் இருக்கார். லாபக் கணக்கு மட்டும் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க. இந்த வரியை யார் எழுதினதுன்னு கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் அக்கா.

மூடுவது என்று அங்கேயே முடிவானது. வெளியே வந்ததும் அவரிடம்தான் பாய்ந்தேன். ஏன் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டாய், இப்போது திருட்டுப் பட்டம் வேறு வந்துவிட்டதே என்று கத்தினேன்.

"காலையில என்னைப் பாத்து முதுகெலும்பு இருக்கான்னு கேட்ட. அதான் நீ சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் காத்திருந்தேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன்.

அன்றிரவு கண் மூடவில்லை. மேலாளரைத் திட்டினேன், முதலாளியம்மாவைத் திட்டினேன், அக்காவைக்கூடத் திட்டினேன். திட்ட வேறு ஆளில்லாமல் கடைசியில் என்னிடமே வந்து நின்றேன். சீ, என்ன பிறவி!

காலையில் முதல் ஆளாக முதலாளியம்மா அறைக்குள் போனேன். அந்த வரி என்னுடையது, அக்காவுடையது அல்ல, லாபத்துக்கான ஃபார்முலா அவர் எழுதியது, அதில் பைசா பிசகில்லை என்று பில்களோடு வைத்துக் காட்டினேன். அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கடையைக் காலி பண்றோம்னு கட்டடச் சொந்தக்காரருக்கு நேத்து சாயங்காலமே எழுதிக் கொடுத்தாச்சு. வேற ஆளுக்கு வாடகைக்கு விட அவர் பேசி முடிச்சிட்டார்" என்றார். "நேத்து அந்த ரூம்ல நீங்களும்தானே இருந்தீங்க?"