பின்கதவு ஆரின்ர பொறுப்பு

பள்ளிமுனை மாக்கிறட்டுக்கு நாற்பத்திமூன்று வயது. அவித்த நண்டை உடைத்து, ஒரு ஓட்டுத்துண்டும் கலக்காமல் சதையை எடுப்பதில் மன்னாரில் அவள் வேலை செய்த நண்டுத் தொழிற்சாலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தொழிற்சாலை அவளைத் தன் ஆளாக எண்ணியதில்லை. அவளையும் இன்னும் முப்பது பெண்களையும் ஓர் ஏஜென்சிதான் அங்கே ஒப்பந்தத்தில் விட்டிருந்தது. தலைத்தொப்பியில் கொம்பனியின் பேர், அடையாள அட்டையில் ஏஜென்சியின் பேர்.

போன மாசியில் ஒரு மத்தியானம், குளிர் அறைக்குப் பக்கத்திலிருந்த மின்பெட்டி புகைந்தது. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவில் ஆமைப்பூட்டு தொங்கியது. சதை களவு போகிறது என்ற சந்தேகத்தில் ஒரு மாதமாக அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டின் திறப்பு வாசல் காவலாளியின் கையில். முப்பத்தொரு பேரும் இருமிக்கொண்டு முன்பக்கக் கதவால் நெருக்குப்பட்டு வெளியே வந்தபோது அவர்களில் எருக்கலம்பிட்டி றிப்கா விழுந்து, மிதிபட்டு, கை முறிந்தது.

அடுத்த நாளும் பூட்டு அதே இடத்தில் தொங்கியது. மாக்கிறட் கையுறையைக் கழற்றிவிட்டு நேரே மனேச்சரிடம் போனாள்.

"சேர், பின்கதவைத் திறந்து விடுங்கோ."

"உங்கட முறைப்பாடெல்லாம் ஏஜென்சிக்குத்தான் சொல்ல வேணும். நீங்கள் எங்கட ஸ்டாஃப் இல்லை."

பின்னேரம் பெண்களை ஏற்றிப் போக வான் கொண்டுவந்த ஏஜென்சிப் பொறுப்பாளன் சுகந்தனைப் பிடித்தாள்.

"அக்கா, கட்டடம் கொம்பனியின்ர. அவையின்ர கதவில நான் கை வைக்கேலாது. சண்டை பிடிச்சால் ஒப்பந்தம் போயிடும்."

மூன்று நாள் அவள் இரண்டு பக்கமும் நடந்தாள். வானில் ஒருத்தி, ஏஜென்சியைக் கேட்பதுதான் சரி என்றாள். இன்னொருத்தி, கொம்பனிதான் என்றாள். இரண்டில் எதைப் பிழையாகத் தொட்டாலும் வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. மாக்கிறட்டுக்கும்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. 'சாகிறதெண்டால் ஆரின்ர ஆளாய்ச் சாகிறது?' என்று வானுக்குள் சத்தமாகவே கேட்டாள்.

சனிக்கிழமை ஒற்றை றூல் கடதாசியில் பின்கதவைத் திறக்கச் சொல்லி ஒரே கடிதத்தை மூன்று பிரதியாக எழுதினாள். மேலே மனேச்சர், அதற்குக் கீழே ஏஜென்சி, இருவருக்குமாகச் சேர்த்து. பதினெட்டுப் பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். றிப்கா கட்டுப்போடாத இடக்கையால் கோணலாக எழுதினாள். இரண்டு பிரதிகளை அவர்கள் இருவர் கையிலும் கொடுத்துவிட்டு, திங்கள் அரைநாள் லீவு போட்டு, மூன்றாவதோடு தொழிலாளர் முறைப்பாடு கேட்கும் மன்னார் தொழிற் கந்தோருக்குப் போனாள்.

அங்கே இருந்த உத்தியோகத்தர் தனுசியா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"சம்பளம், லீவு எண்டால் உங்களை வேலைக்கு எடுத்த ஏஜென்சியைத்தான் முதல் கேப்பம். ஆனால் ஃபக்டரிக்குள்ள இருக்கிற ஆபத்துக்கு ஃபக்டரியை நடத்துறவைதான் பொறுப்பு. உள்ளுக்கு நிக்கிறது ஆர் அனுப்பின ஆள் எண்டது கதை இல்லை. ஆக்கள் வேலை செய்யேக்க கதவு உள்ளுக்கிருந்து உடனே திறக்கக் கூடியதாய் இருக்க வேணும்."

"அப்ப நான் பிழையான இடத்தில கேக்கேல்லை?"

"இல்லை அம்மா. ரெண்டு பேருக்கும் எழுதினது நல்லது. ஆரும் தெரியாதெண்டு சொல்லேலாது."

தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளரைக் கந்தோர் அடுத்த கிழமை அனுப்பியது. பின்கதவின் முன்னால் நின்று திறப்பு எங்கே என்று கேட்டார். காவலாளி வாசலிலிருந்து ஓடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே பூட்டு கழன்றது.

வெள்ளிக்கிழமை சுகந்தன் வானடியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அக்கா, திங்களிலயிருந்து உங்களுக்கு வவுனியாவில வேலை."

"ஆர் மாத்தினது?"

"கொம்பனி வேண்டாமாம்."

சுகந்தனையும் கூட்டிக்கொண்டு போய் மனேச்சரைக் கேட்டபோது அவர், "மாத்திறது ஏஜென்சியின்ர விசயம்," என்றார்.

மாக்கிறட்டுக்குச் சிரிப்பு வந்தது. "சரி சேர், அதை எழுத்தில தாங்கோ. தம்பி, நீயும் எழுதித் தா. நான் கந்தோருக்குக் கொண்டு போறன்." இருவரும் எழுதவில்லை.

திங்கள் வான் அவள் வீட்டடியில் நிற்கவில்லை. சைக்கிளில் போனாள். பட்டியலில் பேர் இல்லை என்று காவலாளி மறித்தான். அவளும் அசையவில்லை. வானிலிருந்து இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராக அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள், கடிதத்தில் கையெழுத்து வைக்கப் பயந்தவர்கள் உட்பட. உள்ளே உடைக்க ஆளில்லாமல் அவித்த நண்டு தட்டுத் தட்டாகக் காத்துக் கிடந்தது. வெயில் ஏறியது.

முக்கால் மணித்தியாலத்தில் மனேச்சர் போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தார். போனின் மற்றப் பக்கத்தில் சுகந்தன்.

"சரி, வாங்கோ. பேரைப் போடுறம்."

"இப்ப போடுங்கோ சேர். நான் பாக்கிறன்."

காவலாளி பட்டியலின் கடைசியில் அவள் பேரை எழுதினான். எழுத்துக்கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள்.