நாத்தனாரின் பத்திக் கிடங்கு

என் கடைசி நாத்தனார் முதியோர் இல்லத்தில் உதவியாளர். நாற்பது தாண்டிய பிறகு அவளுக்கு நர்ஸ் படிப்பில் ஆசை வந்தது. கட்டணச் சலுகை கிடைத்தால்தான் படிக்க முடியும். அதற்கு ஒவ்வொரு கல்லூரியும் கட்டுரை கேட்டது.

வேலைக்குப் போகிறவள் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதிக்கொண்டிருக்க முடியுமா? கணினியில் ஒரு பத்திக் கிடங்கு வைத்துக்கொண்டாள். 'பொறுமை', 'துணிச்சல்', 'தவறு' என்று தலைப்புகள். ஒரு பத்திக்கு ஒரு சம்பவம். கல்லூரியின் பெயர் வரும் இடம் காலி. எந்தப் பத்தியும் 'மேலே சொன்னதுபோல்' என்று தொடங்காது. மேலே என்ன வரும் என்று யார் கண்டது? கட்டுரையில் எடுத்து வைத்த பிறகு முதல் வரியையும் கடைசி வரியையும் அந்தக் கேள்விக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவாள். ஒட்டு தெரியாது. படுத்திருப்பவர் அலுங்காமல் விரிப்பு மாற்றுகிற கை அது.

இருந்தும் போன இடமெல்லாம் 'மன்னிக்கவும்'தான். இந்த வருடத்துக்கு ஒரே ஒரு கல்லூரி பாக்கி. துணிந்து செய்தது என்ன, தவறாகச் செய்தது என்ன என்று இரண்டு கேள்விகள். பதில்களை அனுப்புமுன் என்னிடம் காட்டினாள். நானும் அதே வேலை பார்த்து ஓய்ந்தவள்தான்.

"ஏண்டி, ரெண்டு பதில்லயும் வர்ற உங்க இல்லத்துத் தபால்காரத் தாத்தா குளியலறையில எத்தனை தடவை விழுந்தாரு?"

"ஒரு தடவைதான் அண்ணி."

"முதல் பதில்ல அவரைத் தனியாளா தூக்கி நிறுத்தி வீராங்கனை ஆயிட்டே. அடுத்ததுல, தனியா தூக்கினதால அவர் தோள் பிசகிடுச்சுன்னு அழறே. ஒரே மனுஷனை வச்சு ரெண்டு நாடகமா?"

"வேற வேற நாள்ல எழுதினது. கவனிக்கல."

"படிக்கிறவங்க கவனிப்பாங்க. விழுந்தவங்களைத் தனியா தூக்காதேன்னு பாடம் எடுக்கிறவங்களே அவங்கதான்."

அவள் முகம் வாடியது. "ஐயோ, அந்தத் துணிச்சல் பத்தியைத்தான் எல்லாருக்கும் அனுப்பினேன்!"

"நல்லா பளபளன்னு தேய்ச்சு வச்சிருக்கே. போன இடமெல்லாம் வழுக்கி விட்டிருக்கு."

"சிரிக்காதீங்க. கிடங்குல வேற துணிச்சல் இல்ல." 'தவறு' பத்தியை மறுபடி படித்தாள். "தோள் பிசகினதைப் பொறுப்பு நர்ஸ்கிட்ட நானே போய்ச் சொன்னேன் அண்ணி. வேலை போயிடும்னு பயம் வேற. அது துணிச்சல்ல சேருமா?"

"எனக்கே அந்தத் துணிச்சல் வந்திருக்காது. எழுது."

எழுதினாள். தவறு என்ற கேள்விக்குத் தபால்காரர் வேண்டாம் என்று, 'பொறுமை'யிலிருந்து ஒரு பாட்டியைக் கொண்டுவந்தாள். அவசரமாக ஊட்டிப் புரையேறவிட்டு, பிறகு நிதானம் கற்ற கதை. அவசரத்தை முன்னால் இழுத்ததும் அதுவே தவறுக்குப் பொருந்தியது. ஒவ்வொரு பத்திக்கும் கீழே, அதில் வருகிறவர் யார், எதோடு சேர்க்கக் கூடாது என்றும் குறித்துவைத்தாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தோள் பிசகிய கதையைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டார்களாம். இடம் கிடைத்தது, சலுகையோடு.

நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தவள் பழக்கதோஷத்தில் கிடங்கைத் திறந்தாள்.

"அடியே, அதையாவது புதுசா எழுது" என்றேன்.