தலைகீழ்க் குழாயில் கடுகளவு காற்று

குடிநீர் ஆய்வகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. குமிழி அக்கா என்றால்தான் காவலாளிக்கே தெரியும். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. தண்ணீர் மாதிரியை ஊதா நிற ஊட்டச் சாற்றில் கலந்து சூட்டுப்பெட்டியில் வைப்பாள். சாற்றுக்குள் கவிழ்த்திருக்கும் குட்டிக் குழாயில் காற்று சேர்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மலத்திலும் மண்ணிலும் வாழும் கோலிஃபார்ம் கிருமி இருந்தால் சாறு மஞ்சளாகிக் குமிழி எழும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கோடிக்கணக்கில் பெருகி மூச்சுவிடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்கு வாயடைத்துப்போகும்.

தங்கைக்குக் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகின்றன, இரண்டுக்கும் புட்டிப்பால்தான். அடுக்குமாடியின் தரையடித் தொட்டியை அப்போதுதான் பழுது பார்த்திருந்தார்கள். குடியிருப்புச் செயலாளரான தங்கையின் கணவர் திங்களன்று ஆய்வகம் கொடுத்த பாட்டிலில் தாமே தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தார். இரண்டு நாள் கழித்தும் ஒரு சோதனைக் குழாயில்கூடக் குமிழி இல்லை. அக்கா நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுப் போனில் சொன்னாள்.

"சும்மாவா? பாட்டில்ல ஏதோ ரெண்டு சொட்டு கிடந்துச்சு. மூணு தடவை நல்லா அலசிட்டுதான் பிடிச்சேன்" என்றார் அன்று சாயங்காலம் ஆய்வகத்துக்கு வந்த மாப்பிள்ளை பெருமையாக.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயோ மாப்பிள்ளை! அது அழுக்கில்ல, மருந்து! தண்ணியில இருக்கிற குளோரினை அதுதான் அடக்கும். அது இல்லேன்னா, வர்ற வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்னுக்கிட்டே இருக்கும். இங்க வந்து நான் எதைப் பார்க்கிறது?"

அன்றே அவள் அடுக்குமாடிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயின் வாயைத் தீயில் வாட்டி, அலசாத புது பாட்டிலில் பிடித்தாள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், வாசனையே இல்லை. வியாழனன்று குட்டிக் குழாயின் உச்சியில் குமிழி நின்றது. அது மண்ணிலிருந்து வந்த கோலிஃபார்மாகவும் இருக்கலாம். எனவே மலத்திலிருந்து வந்த கிருமி மட்டுமே தாங்கக்கூடிய நாற்பத்து நான்கரை டிகிரிச் சூட்டில் மறுபடி வளர்த்தாள். வெள்ளியன்று அங்கேயும் காற்று. சோதனைத் திரவம் விட்டதும் சிவப்பு வளையம். ஈ.கோலை.

மாப்பிள்ளையை வரவழைத்துக் காட்டினாள். "இது குடல்ல வாழுற கிருமி. பெரும்பாலும் இதுவே நோய் தராது. ஆனா இது வந்திருக்குன்னா மலம் எங்கேயோ தண்ணியில கலக்குதுன்னு அர்த்தம். இது வந்த வழியில டைபாய்டும் வரலாம். தொட்டிப்பக்கம் போற சாக்கடைக் குழாயைத் தோண்டிப் பாருங்க. யாரும் அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்காம குடிக்கக் கூடாது."

அவர் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இத்தனூண்டு காத்தா அக்கா இவ்வளவும் சொல்லுது?"

"ஆமா."

அவர் குழாயைத் தாங்கியில் திரும்ப வைத்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டதும் புட்டி ரெண்டையும் அந்தத் தண்ணியிலதான் கழுவி, தொட்டில் பக்கத்துல எடுத்து வெச்சிருக்கேன்."