ஊருக்கே தெரிஞ்ச ரகசிய நம்பர்

வடமதுரை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச்சாரியில் கருகின மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற சடையாண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. கை செய்கிற வேலையை வாய் சொல்லும். அது தொழிலில் ஒட்டிக்கொண்டது. கம்பியைச் சுற்றும்போது சுற்றுக் கணக்குத் தப்பினால் மோட்டார் புகைந்துவிடும். அதனால் இருபத்தாறு வருசமாக "அம்பத்தொண்ணு, அம்பத்திரெண்டு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணித்தான் சுற்றுவார். போகப்போக வாய் சொன்னால்தான் கை நகரும் என்று ஆகிப்போச்சு. சட்டைக்குப் பொத்தான் போடும்போதுகூட எண்ணுவார். சம்சாரம் அன்புக்கரசி, "ஆறு பொத்தானுக்கு எதுக்குய்யா மைக்கு?" என்பாள்.

இந்த வாயோடுதான் மனுசன் பட்டன் போனில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

டச் போன் அவருக்கு ஆகாது. கையெல்லாம் வார்னிஷும் கிரீசும். திரையைத் தொட்டால் அது ஒன்று திறக்கும், இவர் கேட்டது ஒன்றாக இருக்கும். பேங்க்கில் இருந்த ஒரு பொண்ணுதான், "நெட்டே வேணாம், ஸ்டார் தொண்ணூத்தொம்போது ஹேஷ் அடிங்க, பேங்க்ல பதிஞ்ச நம்பர்லேர்ந்து அடிச்சாப் போதும்" என்று காட்டிக்கொடுத்தது. ஏடிஎம் கார்டோட கடைசி ஆறு நம்பர், அது காலாவதி ஆகிற தேதி எல்லாம் கொடுத்து, நாலு இலக்க ரகசிய நம்பரும் வைத்தாச்சு. "யார்கிட்டயும் சொல்லிராதீங்க அண்ணே" என்று அந்தப் பொண்ணு மூணு தடவை சொன்னது. சடையாண்டியும் சத்தியமாக யாரிடமும் சொன்னதில்லை. அடிக்கும்போது வாய்விட்டு எண்ணுவார், அம்புட்டுத்தான். அதைச் சொன்னதாக அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ரெண்டு வருசம் கழித்துத்தான் அன்புக்கரசி இதைக் கவனித்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அண்ணன் வீட்டுக்கு சேவுகம்பட்டி கிளம்புகிற அவசரத்தில் கடைக்கு வந்தவள், இவர் அடிப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு மூளை கீளை இருக்கா? ரகசிய நம்பரை ஏலம் விடுற மாதிரியா கத்துவீக? இனிமே வாயத் தெறந்தீக, நான் அங்கிட்டே இருந்துக்குவேன்."

சொல்லிவிட்டு பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஏடிஎம் கார்டு அந்தப் பீரோவுக்குள். இது பின்னால் தேவைப்படும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பெருமாயியக்காவின் மோட்டார் கடைக்கு வந்தது. அஞ்சு எச்.பி., அடியோடு கருகிப்போயிருந்தது. பெருமாயி தக்காளி போடுகிறவர். அவர் கிணறு அஞ்சு பங்காளிகளுக்குப் பொது. ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு நாள் முறைத்தண்ணி. அவர் முறை சனிக்கிழமை விடியக்காலை. அதை விட்டால் இன்னும் அஞ்சு நாள் காத்திருக்க வேண்டும். நாற்று நட்டு மூணே நாள்தான் ஆகியிருந்தது.

"தம்பி, நாளைக்குத் தண்ணி பாயலைன்னா எம்புட்டு நாத்தும் காஞ்சிரும். வட்டிக்கு வாங்கி நட்டது" என்றார் பெருமாயி.

"நான் இருக்கேன்ல அக்கா?" என்றார் சடையாண்டி. அவர் வாயில் அடிக்கடி வருகிற வசனம் அது. அதற்குப் பிறகு ஏதாவது கோளாறு வருவதும் வழக்கம்தான்.

அன்றைக்கு வந்த கோளாறு, கடையில் செம்புக் கம்பி இல்லை. திண்டுக்கல் பக்ருதீன் பாய்க்குப் போன் போட்டார். நாலு கிலோ, நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். பாயிடம் எல்லாம் கிடைக்கும், செம்புக்குக் கடன் மட்டும் கிடைக்காது.

"பணம் ஏறுனதும் பன்னெண்டரை பஸ்ல கண்டக்டர் கையில குடுத்து விடுறேன். அதுக்கப்புறம் கடையடைச்சுட்டு ஜும்மாவுக்குப் போயிருவேன், அப்படியே வத்தலக்குண்டுல ஒரு கல்யாணம். இனி நாளைக்குத்தான்" என்றார் பாய்.

காயில் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கவே ராத்திரி ஆகிவிடும். பன்னெண்டரை பஸ்ஸில் கம்பி வந்தால்தான் பெருமாயிக்கு முறைத்தண்ணி. மணி அப்போது பன்னெண்டு.

பக்கத்து டீக்கடை இனிகோ, "நான் அனுப்பிவிடுறேண்ணே" என்று டச் போனை எடுத்தான். காலையிலிருந்தே அந்த வட்டாரத்தில் பேச முடிந்ததே தவிர நெட் இல்லை. போனில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேர் போனும் அதே கதிதான். டீ குடித்துவிட்டுக் காசு கொடுக்க முடியாமல்தான் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

சடையாண்டிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ரெண்டு வருசமாக அவருடைய டப்பாப் போனைக் கேலி பண்ணின பயல்கள்! நேற்றுத்தான் கூலி வந்து கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம் கிடக்கிறது. கடைக்குள் அடிக்க வேண்டிய போனைத் தூக்கிக்கொண்டு, வேண்டுமென்றே டீக்கடை நடுவில் வந்து நின்றார்.

"நெட்டு என்னப்பா நெட்டு. இதப் பாருங்க" என்றார்.

ஸ்டார் தொண்ணூத்தொம்போது ஹேஷ் அடித்தார். பட்டியல் வந்தது. பணம் அனுப்ப ஒண்ணு. மொபைல் நம்பருக்கு அனுப்ப ஒண்ணு. பாய் நம்பரை அடித்தார். தொகை, நாலாயிரத்து எண்ணூறு. குறிப்பு எதுவும் வேண்டாம், அதற்கும் ஒண்ணு. பக்ருதீன் என்று பெயர் போட்டு, ரகசிய நம்பரைக் கேட்டது. இதுவரை எல்லாவற்றையும் சத்தமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் அன்புக்கரசி ஞாபகத்துக்கு வந்தாள். டக்கென்று வாயை மூடிக்கொண்டு அடித்தார்.

நம்பர் தப்பு என்று வந்தது.

அட, விரல் வழுக்கியிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நம்பர் கேட்கிற இடத்துக்கு வந்தார். வாய் மூடியிருக்கிறது, கட்டைவிரல் பட்டனுக்கு மேல் நிற்கிறது, எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. செத்த நேரம் யோசித்ததில் போன் தானாகவே தொடர்பை அறுத்துவிட்டது. அடுத்த முறை வேகமாக எதையோ அடித்தார். அதுவும் தப்பு.

ரெண்டு தப்பு ஆகிவிட்டது. மூணாவது தப்பினால் நாளைவரை பூட்டிவிடும் என்று பேங்க்கில் சொல்லியிருந்தார்கள். மறந்தால் புது நம்பர் வைத்துக்கொள்ளலாம்தான், அதற்குக் கார்டு வேண்டும். கார்டு பீரோவில், சாவி சேவுகம்பட்டியில். மணி பன்னெண்டு இருபது.

சடையாண்டிக்கு வேர்த்து ஊற்றியது. சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாமென்றால் இப்போது வாய்க்கும் வரவில்லை. பயத்தில் தலைக்குள் இருந்த நம்பரெல்லாம் கலைந்து, சுற்றுக் கணக்கும் காயில் அளவும்தான் ஓடுகிறது. பெருமாயி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். 'அடப்பாவி, வாயும் உருப்படலை, வாயை மூடியும் உருப்படலையே' என்று தன்னையே திட்டிக்கொண்டார் சடையாண்டி.

"நம்பர் மறந்துபோச்சு" என்றார் கடைசியில்.

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்தன் கூரையைப் பார்த்தான். இன்னொருத்தன் காலி கிளாஸை உறிஞ்சினான். இனிகோ வடிகட்டியை வெறுமனே ஆட்டினான்.

பெருமாயிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏலே, எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக? அஞ்சு, ரெண்டு, மூணு, ஆறு தம்பி. அடி."

"ஆமாண்ணே, அஞ்சு ரெண்டு மூணு ஆறு" என்றான் இனிகோ, தலையைக் குனிந்துகொண்டு. பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஜெபக் கூட்டத்தில் பதில் சொல்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். அதில் ஒருத்தன் வெளியூர்க்காரன் வேறு!

அடித்தார். போய்விட்டது. பேங்க்கிலிருந்து மெசேஜும் வந்தது. ரெண்டு நிமிசத்தில் பாய் கூப்பிட்டு, கம்பி பஸ் ஏறிவிட்டது என்றார். பெருமாயி "முருகா" என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

சடையாண்டி மட்டும் உட்காரவில்லை.

"எம்புட்டு நாளா தெரியும்?"

"ரெண்டு வருசமாண்ணே. தெரிஞ்சு என்ன செய்ய? உங்க போனும் சிம்மும் இருந்தாத்தானே வேலை செய்யும். அது எந்நேரமும் உங்க சட்டைப் பையிலதான கிடக்கு" என்றான் இனிகோ.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மூணை அமுக்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பாரே, அதையும்தானே...

"அதுவும் தெரியும் தம்பி" என்றார் பெருமாயி, அவர் கேட்காமலே. "ஆடி மாசம் நூத்திப் பன்னெண்டு ரூவான்னு சொல்லிட்டு இருந்த. அன்னைக்குத்தான் மோட்டாரைக் குடுக்கும்போதே கூலி முழுசும் குடுத்துட்டுப் போனேன்."

அந்த ஆடி மாசத்தை சடையாண்டி மறந்திருக்கவில்லை. வேலைக்கு முன்னாலேயே முழுக் கூலி! அன்றைக்கு வீட்டுக்குப் போய், "நம்ம கைப்பக்குவம் அப்படி புள்ள, ஜனம் தானா கொண்டாந்து கொட்டுது" என்று அன்புக்கரசியிடம் மீசையைத் தடவினார். அந்த மாதிரி கையில் காசில்லாத நாளிலெல்லாம் இனிகோ டீக்குக் காசு கேட்காமல் "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்றதையும், கடைக்காரனுக்கு இவர் மேல் இருக்கிற மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். மரியாதை! கைப்பக்குவம்! வெட்கத்தில் காது ரெண்டும் சூடாகிவிட்டது. அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, வார்னிஷ் நெடி என்றார். வார்னிஷ் டப்பாவை அன்று அதுவரை திறக்கவே இல்லை.

ராத்திரி ஒன்பது மணிவரை சத்தம் போட்டு எண்ணிச் சுற்றினார். விடியக்காலை பெருமாயி தோட்டத்தில் மோட்டார் ஓடியது.

அன்புக்கரசி வருவதற்கு முன்னால் ரகசிய நம்பரை மாற்றிவிட வேண்டுமென்று, ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் உட்கார்ந்தார். வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். கன்னம் ரெண்டும் உப்பிக்கொண்டு நிற்க, பழைய நம்பரையும் புது நம்பரையும் சுவரில் கரிக்கட்டியால் எழுதி, பார்த்துப் பார்த்து அடித்து, எழுதினதை அழித்தும் விட்டார். மாறிவிட்டது. பெரிய சாமர்த்தியம்தான்.

அதே மிதப்பில், தண்ணீரை விழுங்காமலே மூணை அமுக்கிப் புது நம்பரையும் அடித்து, கணக்கில் என்ன இருக்கிறதென்று பார்த்தார். தொகை வந்ததும் நிம்மதியாகத் தண்ணீரை விழுங்கினார். பெருமாயி கூலி கொடுக்க ஒரு வாரம் ஆகும், நேற்று வாடகையும் போயிருந்தது.

"முப்பத்தெட்டு ரூவா நாப்பது பைசா" என்றது வாய்.

சொன்ன பிறகுதான் கையால் பொத்தினார். ரெண்டு நிமிசத்தில் இனிகோ வந்தான். சொல்லாமலே ஒரு டீயும் ரெண்டு வடையும் மேசையில் வைத்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று போய்விட்டான். சடையாண்டிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வடை சூடாக இருந்தது. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணித் தின்றார்.