ஐந்நூறைத் தாண்டிய வெளிச்சம்

தங்கை ஈபி பில்லை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். பாதி எண்களைக் கட்டைவிரல் மறைத்திருந்தது. "ஏண்டி, உன் விரலுக்கா பில்லு வந்துருக்குது? மறுபடி எடு" என்று போனில் கத்தினேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது படத்தில் தெரிந்தது: 542 யூனிட்.

மரக்காணத்துக் கடற்கரைக் குப்பத்தில் அவள் புருஷன் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். பணம் கட்டுவது புருஷனின் அண்ணன். வாசலில் கடலைப் பார்த்து ராத்திரி முழுக்க எரியும் மஞ்சள் போகஸ் லைட்டால்தான் பில் ஏறுகிறது, கழற்று என்று அண்ணன் மனைவி சொல்லிவிட்டாள். அந்த லைட்டை மாட்டியது தங்கையின் புருஷன். இருட்டில் படகைத் திருப்பும்போது நம் வீடு தெரிய வேண்டுமாம். ஐப்பசியில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

"அதால பில்லு ஏறலன்னு நிரூபிச்சுக் குடுக்கா" என்றாள். ராத்திரி முழுக்க எரிகிறதே, பாவி மகளே, நான் என்ன செய்வேன்!

நூறு வாட் விளக்கு, பன்னிரண்டு மணி நேரம். ஒரு ராத்திரிக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்கு 72. அதைக் கழித்தால் 470. ஐந்நூறுக்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு பாதி விலை. தாண்டினால் அந்தப் பாதி விலை போய்விடும். ஐந்நூறுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல். அண்ணன் மனைவி சொன்னது சரிதான். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

ஆனால் இருபது வாட் எல்இடி போட்டால் அதே நேரத்துக்குப் பதினாலு யூனிட்தான். மொத்தம் 484. ஏறக்குறைய எழுநூறு ரூபாய் மிச்சம், லைட்டும் இருக்கும். பாண்டியில் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் மனைவியே, "எரியட்டும், யாரு வேணான்னது" என்றாள். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி வீடு திரும்பினேன்.

அடுத்த பில்லின் போட்டோ வந்தது. விரல் மறைக்காமல், தெளிவாக. 470.

என் கணக்கைவிடப் பதினாலு குறைகிறது. உடனே போன் போட்டேன்.

"லைட்டு போடலியாடி?"

"ஒரு நாள் போட்டேங்கா. வெள்ளையா எரிஞ்சிது. அவரு மஞ்சளைப் பாத்துதான் வருவாரு. நம்ம வீடு இல்லன்னு தாண்டிப் போயிட்டா?"

"மஞ்சள்லயும் கிடைக்குதுடி. நாளைக்கே வாங்கியாறேன்."

"வேணாங்கா" என்றாள். "ரெண்டு மாசமா இருட்டுலயே உக்காந்து பாத்தேன். கண்ணு பழகிடுச்சி."